காண்டாமணி ஏன் சீக்கிரம் அடங்கிவிடுகிறது?

கொழும்பில் கடற்கரைப் பக்கமுள்ள ஒரு கோவிலிலிருந்து அழைப்பு வந்தது. கும்பாபிஷேகத்துக்கென்று புதிதாக வார்த்த காண்டாமணியை அடித்தால் ‘டண்’ என்று ஒரு சத்தம், ஐந்து எண்ணுவதற்குள் அடக்கம். வெடித்துப்போய் மூலையில் கிடக்கும் பழைய மணியோ, வெடிப்பதற்கு முன் அரை நிமிடத்துக்கு மேல் முழங்குமாம். இரண்டுக்கும் ஒரே அளவு, வாய் 60 சென்ரிமீற்றர்.

“எல்லாரும் வீட்டிலிருந்து குத்துவிளக்கு, செம்பு எல்லாம் கொண்டுவந்து உருக்கப் போட்டவை தம்பி. தங்கம்கூடப் போட்டிருக்கு” என்றார் தர்மகர்த்தா ஐயா.

காரணம் அதிலேயே இருந்தது. பட்டறையில் கிடந்த, உலோகம் ஊற்றிய குழாயின் மிச்சத் துண்டை உடைத்துப் பார்த்தேன். உடைந்த முகம் மஞ்சளாக இருந்தது. நல்ல மணி வெண்கலத்தை உடைத்தால் சாம்பல் கலந்த வெள்ளையாக, நெருக்கமான மணிமணியாகத் தெரியும்.

மணியை அடித்ததும் அதன் வாய் வட்டம் நீள்வட்டமாகி, மறுபக்கம் நீள்வட்டமாகி, இப்படி நொடிக்குப் பல நூறு தடவை நெளிகிறது. ஒவ்வொரு நெளிவிலும் உலோகம் உள்ளுக்குள் கொஞ்சம் சக்தியைத் தின்கிறது. எவ்வளவு குறைவாகத் தின்கிறதோ அவ்வளவு நேரம் ஓசை நிற்கும். நூற்றுக்கு 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் சேர்ந்தால் கண்ணாடி போல இறுகிய உலோகம் வரும், அது மிகக் குறைவாகத் தின்னும். வெள்ளீயத்தை இன்னும் கூட்டினால் நொறுங்கும். வீட்டுக் குத்துவிளக்கோ பித்தளை, அதனால்தான் அந்த மஞ்சள். பித்தளையில் இருப்பது வெள்ளீயமல்ல, துத்தநாகம். பழைய பாத்திரங்களோடு காரீயமும் வந்துவிடும். காரீயம் செம்போடு கலக்காது, சின்னச் சின்ன மென்மையான உருண்டைகளாக உள்ளே ஒதுங்கி நின்று ஓசையைக் குடிக்கும். தங்கத்தால் கெடுதல் இல்லை. ஆனால் 130 கிலோவில் சில பவுண் என்ன செய்யும்? அதை அம்மனுக்கே சாத்தியிருக்கலாம்.

மறுபடி வார்ப்பதென்று முடிவானது. ஊற்றுவாயில் நிற்பதையும் சேர்த்து 150 கிலோ உருக்கினோம்: 117 செம்பு, 33 வெள்ளீயம். செம்பு முழுக்க உருகி, மேலே கரி மூடியபின்தான் வெள்ளீயம். முன்கூட்டிப் போட்டால் அது எரிந்து கசடாகி, கணக்குக் கெட்டுவிடும்.

அச்சு களிமண், உமி, சாணம் கலந்தது. நடுக்கம்பைச் சுற்றி, மணியின் வடிவம் வெட்டிய பலகையைச் சுழற்றி உள்கருவைத் தேய்த்து எடுப்பார்கள். அதன்மேல் இன்னொரு பலகையால் மெழுகும் குங்கிலியமும் கலந்த பூச்சு, அதுதான் பின்னால் உலோகமாகும் கனம். அதற்கும் மேலே வெளிக்கூடு. அப்புறம் சூடேற்றி மெழுகை வடித்து, அச்சை நன்றாகச் சுட வேண்டும். இதில் அவசரப்படுபவர்கள்தான் அதிகம். கொழும்பின் ஈரக்காற்றில் அச்சு மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். உலோகம் பட்டதும் ஆவியாகி மணிக்குள் ஓட்டைகளாக நிற்கும். மணியின் வாயைக் கீழே வைத்து வார்ப்பது ஒரு காவல்: காற்றும் கசடும் மேலேறிவிடும், அடிபடும் உதடு திண்மையாக வரும். ஊற்றியபின் இரண்டு நாள் தொடக்கூடாது. சட்டென்று ஆறினால் உள்ளே இழுவிசை தங்கி, பிறகு ஒருநாள் அடிக்கும்போது வெடிக்கும்.

சுருதி சேர்ப்பதில் ஒரு வழிப்பாதைதான் உண்டு. உட்புறத்தைக் கடைந்து உலோகத்தை எடுத்தால் சுருதி இறங்கும், ஏற்ற முடியாது. அதனால் சற்றுத் தடிப்பாகவே வார்க்க வேண்டும். உதட்டின் தடிப்பு வாய் அகலத்தில் ஏறக்குறைய பதின்மூன்றில் ஒன்று, எங்களுக்கு நாலரைச் சென்ரிமீற்றர். ஒரு மணியில் பல சுரங்கள் ஒன்றாக எழும். மேற்சுரங்கள் உடனே மறைய, கடைசிவரை நிற்பது அடியில் ஓடும் ‘ம்ம்ம்’ தான். உட்சுவரில் எந்த வளையத்தைக் கடைகிறோம் என்பதைப் பொறுத்து எந்தச் சுரம் இறங்குகிறது என்பது மாறும். அந்த ‘ம்ம்ம்’, அடித்தவுடன் காதில் விழும் சுரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே அமைந்தால் முழக்கம் ஒன்றாகக் கேட்கும்.

உள்கரு கொஞ்சம் நகர்ந்து ஒருபக்கம் கனத்திருந்தால், நெருங்கிய இரண்டு சுரங்கள் சேர்ந்து ‘வவ்...வவ்’ என்று அலையும். மெதுவான அலை குறையல்ல. கொரியாவில் 771இல் வார்த்த, சுமார் 19 தொன் எடையுள்ள சொங்டொக் மன்னர் மணி அந்த அலைக்கே பெயர்போனது. வேகமாகத் துடித்தால்தான் காதுக்குச் சங்கடம்.

பழைய மணியையும் பார்த்தேன். உதட்டில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சோக்கட்டித் தூள் பூசினேன். பத்து நிமிடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கறுத்த கோடு எழும்பியது. வெல்டிங் செய்யக் கேட்டார்கள், மறுத்தேன். ஓரிடத்தை மட்டும் சூடாக்கினால் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். வெடிப்புக்குக் காரணம் நாக்கில் கட்டியிருந்த கயிறு. அதை இழுத்துக் கட்டி வைத்ததால், நாக்கு அடித்துவிட்டு விலகாமல் ஒரே இடத்தில் மோதி அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

புதிய மணியைத் தொங்கவிட்ட அன்று அந்தக் கயிற்றைத் தளர்த்தியே கட்டச் சொன்னேன். ஐயர் ஒருமுறை அடித்தார், நான் கைபேசியில் நேரம் பார்த்தேன். 38 விநாடி போனபின்னும் விரலை உதட்டில் வைத்தால் அதிர்வு தெரிந்தது.