சந்துக்குள் எந்தக் குப்பை வண்டி போகும்?

ஒரு சந்துக்கு எந்தக் குப்பை வண்டி சரிவரும் என்று பார்க்கப் போகிறவர்கள் டேப்பை எடுத்துச் சுவருக்குச் சுவர் அளக்கிறார்கள். தப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வண்டிக்குக் கிடைப்பது வாசற்படிக்கும் எதிர்ப்பக்கம் நிறுத்திய பைக்குக்கும் நடுவே மிஞ்சும் இடம்தான். 3 மீட்டர் சந்தில், குப்பை எடுக்கும் காலை நேரத்தில், அது 1.8 மீட்டராகச் சுருங்கியிருக்கலாம். சுமார் 1.5 மீட்டர் அகலமுள்ள சின்ன டிப்பர் அதில் நேராகப் போய்விடும், சிக்கல் திருப்பத்தில்தான்.

திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக ஒதுங்கி வரும். எவ்வளவு ஒதுங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, வளைவின் ஆரத்தைப் போல் இரண்டு பங்கால் வகுக்க வேண்டும். அச்சுத் தூரம் 2.1 மீட்டர் உள்ள டிப்பர் 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் ஒதுங்கும். குப்பையை அழுத்தி ஏற்றும் பெரிய லாரியான காம்பாக்டரில் அச்சுத் தூரம் 4.5 மீட்டர். அது 9 மீட்டர் ஆரத்தில் திரும்பினாலும் 1.1 மீட்டர் ஒதுங்கும். அதன் உடல் அகலம் சுமார் 2.5 மீட்டர். ஆக, திருப்பத்தில் மட்டும் அதற்கு 3.6 மீட்டருக்கு மேல் வேண்டும். முட்டுச்சந்தாக இருந்தால் டிப்பரையும் உள்ளே விடக் கூடாது என்பேன். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் தினமும் ரிவர்ஸில் வெளியே வருவது சரியல்ல. அங்கே மூன்று சக்கர மிதிவண்டிதான்.

அந்த மிதிவண்டி எத்தனை நடை அடிக்க வேண்டும்? 200 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு 400 கிராம் என்றால் நாளுக்கு 320 கிலோ. 150 கிலோ இழுக்கும் வண்டிக்கு மூன்று நடை போதும் என்று தோன்றும். ஆனால் குப்பை வண்டி எடையால் நிரம்புவதற்கு முன்பே இடத்தால் நிரம்பிவிடும். பாதி ஈரக் குப்பை என்று கொண்டால், ஒரு கன மீட்டருக்கு 400 கிலோ வீதம் 160 கிலோ 400 லிட்டரில் அடங்கும். மீதி 160 கிலோ பையும் அட்டையும் பாட்டிலுமான உலர் குப்பை. அது கன மீட்டருக்கு 100 கிலோதான் வரும் என்பதால் 1,600 லிட்டர் இடம் கேட்கும். மொத்தம் 2,000 லிட்டர். ஆறு 50 லிட்டர் தொட்டிகள் கொண்ட வண்டியில் 300 லிட்டர்தான் கொள்ளும். ஏழு நடை, நடைக்கு 46 கிலோ. ஆள் களைத்துப்போவது சுமையால் அல்ல, போய் வருவதால். வண்டியின் பின்னால் 300 லிட்டர் சாக்கு ஒன்றைக் கட்டி உலர் குப்பையைப் பெரும்பாலும் அதில் போட்டால் ஏழு நடை நான்காகிவிடும்.

டிப்பரிலும் இதே கதை. 1,800 லிட்டர் பாடியைத் தகடு வைத்துச் சரிபாதியாகப் பிரிப்பது வழக்கம். நம் சந்தில் ஒரு வீட்டின் உலர் குப்பை 8 லிட்டர், ஈரக் குப்பை 2 லிட்டர். 112 வீடு தாண்டியதும் உலர் பக்கம் பிதுங்கி நிற்கும். ஈரப் பக்கம் கால்வாசிதான் நிரம்பியிருக்கும். அடுத்த வீட்டுப் பிளாஸ்டிக் பை எங்கே விழும்? ஈரப் பக்கத்தில்தான். வீட்டுக்காரர்கள் பிரித்துக் கொடுத்ததெல்லாம் அந்த இடத்தில் வீணாகிறது. ஊழியரைக் குறை சொல்லிப் பயனில்லை, தகட்டை நகர்த்த வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு ஈரத்துக்கு விட்டாலே கணக்கு சரியாகிவிடும்.

காம்பாக்டருக்கு அகலமான சாலை வேண்டும், அதற்கேற்ற குப்பையும் வேண்டும். ஹைட்ராலிக் தகடு குப்பையை உள்ளே தள்ளி அழுத்தும். உலர்ந்து உப்பியிருக்கும் குப்பை அதில் மூன்றில் ஒரு பங்காகக் கூடச் சுருங்கும். ஏற்கெனவே கனத்திருக்கும் ஈரக் குப்பையில் காற்று குறைவு. அழுத்தினால் தண்ணீர்தான் வெளியே வரும். வண்டி போன பாதையில் கறுப்பாக ஒரு ஈரக் கோடு தெரிந்தால், கசிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது, அல்லது பின்கதவின் ரப்பர் தேய்ந்துவிட்டது. உலர் குப்பையிலும் ஓர் எச்சரிக்கை: அழுத்தத்தில் கண்ணாடி நொறுங்கி அட்டைக்குள் புதையும். மறுசுழற்சிக்குப் போக வேண்டியதைக் காம்பாக்டரில் ஏற்றாமல், பெரிய பாடியுள்ள சாதாரண லாரியில் அனுப்புவதே நல்லது.

சின்ன வண்டியும் பெரிய வண்டியும் சந்திக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். டிப்பர் பாடியைத் தூக்கிக் கவிழ்க்கும்போது அதன் விளிம்பு காம்பாக்டரின் வாய்க்கு மேலே வர வேண்டும். ஒரு சாண் தாழ்ந்தாலும் குப்பை தரையில் கொட்டும், பிறகு மண்வெட்டியால் அள்ள வேண்டியதுதான். இரண்டு வண்டிகளையும் வாங்கும் முன் அருகருகே நிறுத்திக் கவிழ்த்துப் பார்ப்பது அரை மணி நேர வேலை. இன்னொன்று நேரம். காம்பாக்டர் தாமதமானால் மிதிவண்டிக்காரர் காத்திருக்க மாட்டார். அடுத்த நடைக்குப் போக வேண்டுமே! தெருமுனையில் கொட்டிவிட்டுப் போவார். தினமும் ஒரே முனையில் குவியல் சேர்கிறதென்றால், அங்கே பெரிய வண்டி வரும் நேரத்தை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்.