பணிகளைக் கூட்டினால் 40 நாள், திட்டம் முடிவதோ 18 நாளில்: எப்படி?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “ஏழு பணிகளின் நாட்களைக் கூட்டினால் 40 வருகிறது. 18 நாளில் முடியும் என்கிறார்களே?”

ஓர் இயந்திரத்தை நிறுவுவதாக வைத்துக்கொள்வோம். வரைபடத்துக்கு 4 நாள். அது முடிந்ததும் மூன்று பணிகள் ஒரே நேரத்தில் தொடங்கலாம்: அடித்தளம் 6, இயந்திரத்தை வரவழைத்தல் 9, பயிற்சி 13. அடித்தளம் முடிந்தால் மின்கம்பி வேலை 3 நாள். அடித்தளமும் இயந்திரமும் தயாரானால் பொருத்துதல் 2 நாள். மின்கம்பியும் பொருத்துதலும் முடிந்தபின் சோதனை ஓட்டம் 3 நாள்.

எக்செலில் 2 முதல் 8 வரையான வரிசைகளில் முறையே வரைபடம், அடித்தளம், இயந்திரம், மின்கம்பி, பொருத்துதல், பயிற்சி, சோதனை. B நெடுவரிசையில் நாட்கள், C-யில் முந்தித் தொடங்கக்கூடிய நாள், D-யில் முந்தி முடியக்கூடிய நாள். முதல் பணி 0-இல் தொடங்குகிறது. தொடக்கத்தோடு நாட்களைக் கூட்டினால் முடிவு. அடித்தளம் 10-இல் முடிகிறது, இயந்திரம் 13-இல் வருகிறது. பொருத்துதல் எப்போது தொடங்கும்? இரண்டும் வேண்டும் என்பதால், கடைசியாக வருவதுதான் நாளைத் தீர்மானிக்கிறது:

```
C6: =MAX(D3,D4)
D6: =C6+B6
C8: =MAX(D5,D6)
மொத்தம்: =MAX(D2:D8)
```

பொருத்துதல் 13-இல் தொடங்கி 15-இல் முடியும், சோதனை 18-இல். பயிற்சி 17-இல் முடிந்துவிடுவதால் மொத்தம் 18.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: MAX எந்த எண்ணைத் தேர்ந்ததோ, அதன் வழியே பின்னோக்கிப் போனால், மொத்த நாளைத் தீர்மானிக்கும் பணிச் சங்கிலியான கிரிட்டிக்கல் பாத் தானாகவே வெளிப்படும். 18 வந்தது சோதனையிலிருந்து. அதன் தொடக்கமான 15-ஐத் தந்தது பொருத்துதல். அதன் 13-ஐத் தந்தது இயந்திரம். அதன் 4-ஐத் தந்தது வரைபடம். 4+9+2+3=18. அம்புக்குறிப் படங்களை வரையவைப்பதற்கு முன்பே இந்த அட்டவணையைக் கற்றுத்தர வேண்டும் என்பது என் கருத்து.

1957-இல் டூபாண்ட் நிறுவனத்தின் மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் கிரிட்டிக்கல் பாத் முறையை உருவாக்கத் தொடங்கியபோது அவர்கள் முன் இருந்த கேள்வி, எந்தப் பணியை விரைவுபடுத்தக் காசு செலவிடலாம் என்பது. நாமும் கூடுதல் பணம் கொடுத்து இயந்திரத்தை 6 நாளில் வரவழைப்போம். மூன்று நாள் மிச்சமாகுமா? இயந்திரம் 10-இல் வரும், பொருத்துதல் 12-இல் முடியும். ஆனால் மின்கம்பி 13 வரை இழுக்கும். சோதனை 16-இல் முடியும். கடைசி வரிசையை மட்டும் பார்ப்பவர் 16 என்று அறிவித்துவிடுவார். பயிற்சி 17-இல்தான் முடிகிறது. MAX-ஐ முழு நெடுவரிசைக்கும் போடுவது இதற்காகத்தான். மிச்சம் ஒரே நாள். கிரிட்டிக்கல் பாத் இப்போது வரைபடம், பயிற்சி என்று மாறிவிட்டது.

ஆட்கள் போதுமா என்பது மட்டும் இந்த அட்டவணைக்குத் தெரியாது. மின்கம்பியையும் பொருத்துதலையும் ஒரே குழு செய்தால், 10-ஆம் நாள் முடிந்ததும் இரண்டையும் சேர்த்துத் தொடங்க முடியாது. அந்தக் கட்டுப்பாட்டையும் நாமே எழுத வேண்டும்: C6-இல் `=MAX(D3,D4,D5)`. இப்போது பொருத்துதல் மறுபடி 13-இல் தொடங்குகிறது, சோதனை 18-இல் முடிகிறது. இயந்திரத்தை விரைவாக வரவழைக்கக் கொடுத்த பணம் ஒரு நாளைக்கூட மிச்சப்படுத்தவில்லை.