பிளாக்செயின்: தொடரேடு

சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபரில் வெளியான பிட்காயின் கட்டுரையில் 'பிளாக்', 'செயின்' இரண்டும் உண்டு; ஆனால் ஒட்டிய ஒரே சொல்லாக இல்லை. பிற்பாடு மென்பொருளைப் பற்றிப் பேசியவர்கள்தான் அவற்றைச் சேர்த்தார்கள். பிளாக் என்பது பதிவுகளின் ஒரு தொகுப்பு. செயின் என்பது அத்தொகுப்புகளின் கோவை.

தமிழில் 'கட்டச்சங்கிலி', 'தொடரேடு' இரண்டும் வழங்குகின்றன. 'தொடரேடு' பொருத்தமானது; ஏடு என்பது தாளையும் குறிக்கும், கணக்குப் புத்தகத்தையும் குறிக்கும். 'பேரேடு' என்று சொல்வது சரியல்ல. கணக்கியலில் பேரேடு என்றால் ஆள்வாரியாக இருப்பு காட்டுவது. பிட்காயின் ஏட்டில் யாருடைய இருப்பும் எழுதப்படுவதில்லை. கைமாற்றங்கள் மட்டுமே வரிசையாக இருக்கின்றன.

மீனாவுக்கு முன்பு 0.5 பிட்காயின் வந்திருக்கிறது, கண்ணனுக்கு 0.3 தர வேண்டும். வந்த 0.5 முழுவதையும் அவர் செலவிட்டாக வேண்டும். 0.3 கண்ணனுக்கு, 0.1999 மீதியாகத் தமக்கே, விட்டுப்போன 0.0001 கட்டணம். இதில் தம் ரகசியச் சாவியால் கையொப்பமிட்டு வலையில் விடுகிறார். முழு ஏட்டையும் தாமே சரிபார்க்கும் ஒவ்வொரு கணினியும் இரண்டைப் பார்க்கிறது: கையொப்பம் சரியா, அந்த 0.5 முன்பே செலவாகிவிட்டதா? வங்கி எழுத்தர் செய்யும் சோதனையை இங்கே எல்லோரும் தனித்தனியே செய்கிறார்கள்.

செல்லுபடியாகும் பதிவுகளை 'மைனர்'கள் ஒரு பிளாக்கில் திரட்டி, முந்தைய பிளாக்கின் ஹாஷைப் புதியதன் தலைப்பில் எழுதுகிறார்கள். ஹாஷ் என்பது தரவிலிருந்து கணக்கிடும் அடையாள எண்; ஓர் எழுத்து மாறினாலும் அதுவும் மாறிவிடும். புதிய பிளாக்கின் ஹாஷ், குறித்த எல்லைக்குள் விழும்வரை ஓர் எண்ணை மாற்றி மாற்றி முயல வேண்டும். சராசரியாக 10 நிமிடத்தில் யாரோ ஒருவருக்கு அமைகிறது. அவருக்கே கட்டணமும் புது நாணயமும். 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை எல்லை திருத்தப்படுவதால் அந்த வேகம் ஏறக்குறைய நிலைக்கிறது. பழைய பதிவு ஒன்றைத் திருத்துபவர் அதன்பின் வந்த எல்லா பிளாக்குகளுக்கும் இந்த உழைப்பை மறுபடி செய்து, வளர்ந்துகொண்டிருக்கும் கோவையையும் முந்த வேண்டும்.

பிசகுவது, விதியை எல்லாக் கணினிகளும் ஒன்றுபோல் படிக்காதபோது. 2013 மார்ச்சில் பிட்காயின் மென்பொருளின் 0.8 பதிப்பு ஏற்ற பெரிய பிளாக் ஒன்றை, பழைய 0.7 பதிப்பு தரவுத்தள வரம்பால் நிராகரித்தது. கோவை இரண்டாகப் பிரிந்து சுமார் 6 மணி நேரம் தனித்தனியே வளர்ந்தது. அதிகக் கணிப்புத்திறன் 0.8 பக்கம் இருந்தும், பெரிய மைனர் குழுக்கள் இசைந்து 0.7-க்குத் திரும்பின, பழைய கோவை முந்தியது. புதிய பக்கத்தின் 24 பிளாக்குகள் கைவிடப்பட்டன. அந்த இடைவெளியில் சுமார் 10,000 டாலர் மதிப்புள்ள தொகை இருமுறை செலவிடப்பட்டது.

ஆக, கடைசி பிளாக்கில் ஏறிய பதிவு இன்னும் உறுதியானதல்ல. பெரிய தொகை பெறுபவர்கள் வழக்கமாக 6 பிளாக்குகள் ஆகும்வரை, ஏறத்தாழ ஒரு மணி நேரம், காத்திருந்து பிறகே பொருளைத் தருகிறார்கள்.