வாடகை வராத மாதத்தை யார் சொல்வார்கள்?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரமாக நான்கு கடைகள் கட்டி வாடகைக்கு விட்ட ஒருவருக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். அவர் இருப்பது கனடாவில். முன்பு உறவுக்காரப் பெடியன் ஒருவன் மாதம் மாதம் போய்க் காசு வாங்கி வங்கியில் போடுவான். பிறகு நான்கு கடைக்காரரும் தங்கள் வங்கியில் ஸ்டாண்டிங் ஓடர் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு மாதமும் 27ஆம் திகதி அவரவர் கணக்கிலிருந்து 35,000 ரூபாய் தானாகவே சொந்தக்காரரின் கணக்குக்குப் போய்ச் சேரும்.

நவம்பரில் கணக்கை ஒப்பிட்டபோது ஒரு கடையின் ஜூலை வாடகையைக் காணவில்லை. ஆகஸ்டில் வந்திருந்தது, செப்டம்பரில் வந்திருந்தது, ஒக்டோபரிலும் வந்திருந்தது. கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். "அண்ணை, நான் ஒரு மாதமும் விடேல்லை. அது தானா வெட்டுப்படுதுதானே?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

அவருடைய வங்கி அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். ஜூலை 27 அன்று கணக்கில் 35,600 ரூபாய் இருந்திருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் குறைந்தது 1,000 ரூபாய் எப்போதும் மீதியாக இருக்க வேண்டும். எடுக்கக்கூடிய காசு 34,600தான். 400 ரூபாய் போதாமல் போனதால் முழு வாடகையும் போகவில்லை. ஸ்டாண்டிங் ஓடர் இருப்பதைக் கிள்ளி அனுப்பாது. போனால் முழுத்தொகை, இல்லையென்றால் ஒன்றுமில்லை. கடைக்காரர் முதல் நாள்தான் சரக்குக்காரருக்குக் காசு கட்டியிருந்தார். லீசிங் தவணையும் அதே கணக்கில்தான் வெட்டுப்படுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, ஸ்டாண்டிங் ஓடர் முழுக்க முழுக்கக் கட்டுபவரின் பக்கத்து ஏற்பாடு என்பதுதான். அவருடைய வங்கிக்கு அவர் கொடுத்த கட்டளை அது. காசு போகாவிட்டால் அந்த வங்கிக்குத் தெரியும், சில வங்கிகள் கட்டுபவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். வாடகை வாங்குபவருக்கு எவரும் எதுவும் சொல்லமாட்டார்கள். காசு வந்தால் உங்கள் கைபேசி சத்தம் போடும். வராவிட்டால் சும்மா இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர் அறிக்கையைத் திறந்து பார்க்கும்போது 35,000, 35,000 என்று வரிசையாகத் தெரியும். எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே இருக்கும்.

அதனால் நான் வந்த காசைப் பார்த்துக் கணக்கு எழுதுவதை விட்டுவிட்டேன். வரவேண்டியதை முதலில் எழுதுகிறேன். மாதம் பிறக்கும்போதே ஒவ்வொரு கடைக்கும் ஒரு வரி: எந்த மாத வாடகை, எவ்வளவு, எந்தத் திகதிக்கு. பக்கத்தில் வந்த திகதியும் வந்த தொகையும் எழுத வெற்றிடம். 30ஆம் திகதி அந்த வெற்றிடம் வெறுமையாகவே இருந்தால் அன்றைக்கே தொலைபேசி எடுக்கலாம். சாதாரண கொப்பியில் எழுதினாலும் போதும். முக்கியமானது 'எந்த மாதத்துக்கு' என்ற அந்தப் பகுதி. விட்டுப்போன மாதம் இருக்கும்போது வருகிற அடுத்த காசு பழைய மாதத்துக்கா புதிய மாதத்துக்கா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பழையதுக்கு என்று எழுதுவதே என் வழக்கம். பற்றுச்சீட்டிலும் அந்த மாதத்தின் பெயரையே போடுவேன்.

அடுத்த தலையிடி, எந்தக் காசு யாருடையது என்பது. நான்கு கடைக்கும் ஒரே வாடகை. வேறு வங்கியிலிருந்து வரும்போது அனுப்பியவரின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு வரலாம், சிலவேளை வெறும் இலக்கம் மட்டும் இருக்கும். மூன்று காசு வந்து ஒன்று வராத மாதத்தில் வராதது யாருடையது என்று தேடவேண்டியிருக்கும். இதற்கு ஒரு சின்ன வழி உண்டு. முதலாவது கடை 35,001, இரண்டாவது கடை 35,002 என்று தொகையிலேயே கடை இலக்கத்தை வைத்துவிடுவது. ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்க்கு எவரும் மறுப்புச் சொன்னதில்லை. குறிப்பு எழுதும் இடத்தில் கடை இலக்கத்தை முதலில் எழுதச் சொல்லுங்கள், பின்னால் எழுதினால் அதுவும் வெட்டுப்படும்.

திகதியையும் யோசித்து வையுங்கள். வாடகைக்கு இருப்பவர் மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளம் விழுந்த இரண்டொரு நாளில் வைப்பது நல்லது, லீசிங் தவணை போகும் நாளுக்கு முன்பாக. சனி, ஞாயிறு, போயா நாளில் விழுந்தால் முதல் நாள் போகுமா அடுத்த வேலை நாள் போகுமா என்பது வங்கிக்கு வங்கி வேறு. படிவம் நிரப்பும் அன்றே கவுண்டரில் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதே நேரத்தில் இன்னொன்றையும் கேட்கவேண்டும்: காசு போதாமல் போனால் வங்கி அடுத்த நாட்களில் திரும்ப முயற்சி செய்யுமா? சில வங்கிகள் செய்யும், சில அந்த மாதத்தையே விட்டுவிடும். இது தெரியாமல், நீங்கள் தொலைபேசி எடுத்ததும் கடைக்காரர் பதறிப்போய் அன்று பின்னேரமே கைபேசியில் காசை அனுப்புவார். மறுநாள் வங்கியும் அனுப்பும். இரண்டு வாடகை போனதால் அவருடைய காசோலை ஒன்று திரும்பினால், பிழை உங்கள் தலையில்தான் வரும். ஆகவே கையால் அனுப்பச் சொல்வதற்கு முன், அந்த மாத ஓடர் இனி ஓடாது என்பதை அவருடைய வங்கியில் உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

இந்தியாவில் உறவுக்காரர் உள்ளவர்கள், அங்கே கைபேசியில் காசு அனுப்பும் முறையான யுபிஐ பற்றிக் கேட்கிறார்கள். 2024 பெப்ரவரி 12 அன்று இலங்கையில் யுபிஐ தொடங்கியது உண்மை. ஆனால் அது இங்கு வரும் இந்தியர்கள் நம் கடைகளில் லங்கா கியூஆரை ஸ்கான் செய்து கட்டுவதற்கு. வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ நம் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக மாதவாடகை வெட்ட முடியாது. தமிழ்நாட்டில் உங்களுக்கு வீடு இருந்து, வாடகைக்கு இருப்பவரின் கணக்கும் அங்கேயே என்றால் அது வேறு கதை. அங்கே யுபிஐ ஆட்டோபே என்ற வசதி உண்டு. வாடகைக்காரர் ஒருமுறை தன் இரகசிய பின் இலக்கத்தைப் போட்டுச் சம்மதம் கொடுத்தால், வாங்குபவர் பக்கத்திலிருந்து மாதாமாதம் காசு இழுக்கப்படும். 24 மணி நேரத்துக்கு முன் அவருக்கு அறிவித்தல் போகும். இழுப்பது நம் பக்கம் என்பதால் காசு வராவிட்டால் அந்தத் தகவலும் நம் பக்கத்துக்கே வரும். ஸ்டாண்டிங் ஓடருக்கும் அதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். ஆனால் வசூலிப்பவர் பொதுவாக ஒரு கட்டண நிறுவனத்தின் ஊடாக வணிகராகப் பதிந்திருக்க வேண்டும். வாடகை 15,000 இந்திய ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு மாதமும் பின் இலக்கம் கேட்கும், அப்புறம் அது தானாக ஓடுவதாகச் சொல்ல முடியாது. அவர் நினைத்தால் செயலியில் அதை நிறுத்திவைக்கவும் முடியும்.

இங்கே நம் ஓடர்கள் சத்தமில்லாமல் நின்றுபோகும் இன்னொரு இடம், முடிவுத் திகதி. ஒரு வருட ஒப்பந்தத்துக்கு 12 மாதம் என்று எழுதினால் 13ஆவது மாதம் எதுவும் வராது. ஒப்பந்தம் புதுப்பித்து வாடகையைக் கூட்டினாலும் ஓடர் பழைய தொகையையே அனுப்பிக்கொண்டிருக்கும், கட்டுபவர்தான் போய் மாற்றவேண்டும். ஆள் கடையை விட்டுப் போகும்போதும் அவரே நிறுத்தவேண்டும், உங்களால் முடியாது. திறப்பை வாங்கி முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் அன்று, வங்கியில் ஓடரை நிறுத்தியதற்கான கடிதத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் போனவரின் காசு உங்கள் கணக்கில் விழ, புதிதாக வந்தவர் கட்டிவிட்டார் என்று எழுதிவிடுவீர்கள்.