திட்டத்தின் திட்ட விலக்கம்: ஒரு சொல் மயக்கம்

"இத்திட்டத்தின் எதிர்பார்க்கப்படும் நிகர நிகழ்மதிப்பையும் திட்ட விலக்கத்தையும் காண்க." நிதி மேலாண்மைத் தேர்வுகளில் அடிக்கடி வரும் வினா இது. முதன்முறை படிப்பவருக்கு ஓர் ஐயம் வரும். திட்ட விலக்கம் என்றால் திட்டமிட்டதிலிருந்து செயல்திட்டம் எவ்வளவு விலகியது என்பதா? இல்லை. மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்பதைச் சொல்லும் ஸ்டாண்டர்டு டீவியேஷன்தான் அது. இங்கே இரண்டு 'திட்டம்' இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு.

'திட்டமாகச் சொல்' என்கிறோம், 'திட்டவட்டமாக மறுத்தார்' என்கிறோம். அங்கே திட்டம் என்பதற்குத் துல்லியம், வரையறை என்று பொருள். ஸ்டாண்டர்டு டீவியேஷனைத் தமிழாக்கியவர்கள் இந்தப் பொருளில்தான் 'திட்ட' என்ற அடையைப் போட்டார்கள். புராஜெக்ட் என்ற பொருளில் திட்டம் பெருவழக்கானதும் இரண்டும் ஒரே வாக்கியத்தில் மோதிக்கொண்டன. இலங்கைப் பாடநூல்களில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே அது 'நியம விலகல்'. புள்ளியியல் வகுப்பில் எதைச் சொன்னாலும் சரிதான். முதலீட்டு இடர் பற்றி எழுதும்போது மட்டும் நியம விலகலே குழப்பம் தராது என்பது என் கருத்து. திட்ட விலக்கத்தை விட மனமில்லாதவர்கள் புராஜெக்டைச் செயல்திட்டம் என்று எழுதிவிடலாம்.

ஆங்கிலத்திலும் இது பழைய சொல் அல்ல. கணித மேதை காஸ் காலத்தில் 'சராசரிப் பிழை' போன்ற பெயர்களே புழங்கின. ஸ்டாண்டர்டு டீவியேஷன் என்று பெயர் வைத்தவர் கார்ல் பியர்சன். 1893-இல் உரைகளில் பயன்படுத்தினார், 1894-இல் அது அச்சேறியது. 'பிழை' என்ற சொல் போய் 'விலகல்' வந்தது நமக்கு நல்லதாயிற்று. ஒரு முதலீடு சராசரியைவிட அதிக லாபம் தந்தால் அதைப் பிழை என்று எப்படிச் சொல்வது?

மற்றச் சொற்களுக்கு வருமுன் ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். ஒரு இயந்திரத்தின் விலை 4,00,000. ஆண்டுக்கு 10,000 அலகுகள் விற்கும். ஒன்றின் விலை 50, மாறும் செலவு 30. ஆண்டு நிலையான செலவு 50,000. ஆயுள் 4 ஆண்டு, தள்ளுபடி வீதம் 10%, நான்கு ஆண்டு வரவை இன்றைய மதிப்பாக மாற்றும் காரணி 3.17. ஆண்டுப் பணவரவு 1,50,000. அதை 3.17-ஆல் பெருக்கி 4,00,000-ஐக் கழித்தால் நிகர நிகழ்மதிப்பு 75,500. நேர்மறை, ஆகவே ஏற்கலாம். ஆனால் கொடுத்த எண்கள் அப்படியே நடந்தால்தான்.

அப்படி நடக்காவிட்டால் என்ன என்று கேட்பதில் முதல் வகை சென்சிடிவிட்டி அனாலிசிஸ். லத்தீனில் 'உணர்தல்' என்ற பொருள்தரும் வேரிலிருந்து வந்த சொல். தமிழில் உணர்திறன் பகுப்பாய்வு. விலை சற்று இறங்கினால் நிகர நிகழ்மதிப்பு அதை எவ்வளவு 'உணர்கிறது' என்பதே கேள்வி. ஒரே ஒரு மாறியை அசைத்து, மற்றவற்றைக் கட்டிவைத்து, நிகர நிகழ்மதிப்பு எப்போது சுழியாகிறது என்று பார்ப்போம். அதற்கான வழி எளிது: நிகர நிகழ்மதிப்பை, அந்த மாறியால் பாதிக்கப்படும் தொகையின் நிகழ்மதிப்பால் வகுக்க வேண்டும்.

விலை மாறினால் முழு விற்பனை வருவாயும் மாறும். அதன் நிகழ்மதிப்பு 15,85,000. 75,500-ஐ அதனால் வகுத்தால் 4.8%. மாறும் செலவின் நிகழ்மதிப்பு 9,51,000, விடை 7.9%. விற்பனை அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். அளவு குறைந்தால் வருவாய் மட்டுமா குறைகிறது, மாறும் செலவும் சேர்ந்தே குறைகிறதே. ஆகவே வகுக்க வேண்டியது வருவாயால் அல்ல, வருவாயிலிருந்து மாறும் செலவு போக மிஞ்சும் பங்களிப்பின் நிகழ்மதிப்பான 6,34,000-ஆல். விடை 11.9%. விலைக்கும் அளவுக்கும் ஒரே சதவீதம் வந்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்கிறது என்று விடைத்தாளைப் பார்த்ததும் சொல்லிவிடலாம்.

பெயரில் இன்னொரு பொறியும் உண்டு. 4.8%, 11.9% ஆகிய எண்களை உணர்திறன் என்று அழைக்கிறோம். ஆனால் எண் சிறிதாக இருக்க இருக்க உணர்வு கூடுகிறது. 'விலையின் உணர்திறன் 4.8%, அளவின் உணர்திறன் 11.9%, எனவே அளவே அதிக உணர்திறன் கொண்டது' என்று எழுதி மதிப்பெண்ணை இழப்பவர்கள் உண்டு. அந்தச் சதவீதம் உண்மையில் சொல்வது தாங்கும் எல்லையை. பகுப்பாய்வுக்கு உணர்திறன் என்ற பெயர் இருக்கட்டும், விடையாக வரும் சதவீதத்தைத் 'தாங்கு எல்லை' என்று மனத்தில் மொழிபெயர்த்துக்கொண்டால் தலைகீழாகாது. எல்லை குறுகியது எதுவோ, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

இனி சினாரியோ. இத்தாலியச் சொல், மேடையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. வசனம் எழுதாமல், யார் எப்போது வருவார், என்ன நடக்கும் என்ற போக்கை மட்டும் குறித்துவைத்து நடித்த நாடகங்களின் அந்தக் குறிப்புத்தான் சினாரியோ. 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ஹெர்மன் கான் போன்றோர் அதை எதிர்காலம் பற்றிய ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். தமிழில் சிலர் 'காட்சிப் பகுப்பாய்வு' என்கிறார்கள். மேடை வரை போனவர்கள் கதையை விட்டுவிட்டார்கள். காட்சி என்பது கண்ணுக்கு முன் நிற்பது. சினாரியோவோ ஒன்றோடொன்று பொருந்தி நடக்கும் பல மாற்றங்களின் தொகுப்பு. 'சூழ்நிலைப் பகுப்பாய்வு' நெருங்கி வருகிறது, பரவலாகப் புரியவும் செய்கிறது. அதையே வைத்துக்கொள்வோம்.

பொருந்தி நடக்கும் என்பதுதான் முக்கியம். சந்தை மந்தமானால் விலை மட்டும் இறங்கி அளவு அசையாமல் நிற்காது. நம் கணக்கில் மந்தச் சூழ்நிலை இது: விலை 48, அளவு 9,000, மாறும் செலவு 31. விலை இறங்கியது 4%, எல்லை 4.8%. அளவு குறைந்தது 10%, எல்லை 11.9%. செலவு ஏறியது 3.3%, எல்லை 7.9%. ஒவ்வொன்றும் தன் தாங்கு எல்லைக்குள்தான் இருக்கிறது. உணர்திறன் அட்டவணையை மட்டும் பார்த்தவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஆனால் மூன்றும் சேர்ந்தால் ஆண்டுப் பணவரவு 1,03,000 ஆகிறது. 3.17-ஆல் பெருக்கி முதலீட்டைக் கழித்தால் நிகர நிகழ்மதிப்பு −73,490.

செழிப்பான சூழ்நிலையில் விலை 52, அளவு 11,000, செலவு பழையபடி 30 என்போம். நிகர நிகழ்மதிப்பு 2,08,640. இப்போது நிகழ்தகவு தருகிறார்கள்: மந்தம் 0.4, இயல்பு 0.4, செழிப்பு 0.2. ஆயிரங்களில் எழுதினால் −73.5, 75.5, 208.6. ஒவ்வொன்றையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் −29.4 + 30.2 + 41.7 = 42.5. இதுவே எதிர்பார்க்கப்படும் நிகர நிகழ்மதிப்பு, 42,500.

'எதிர்பார்க்கப்படும்' என்ற சொல்லை நம்பி ஏமாறக்கூடாது. இந்த மூன்று சூழ்நிலைகளில் எதிலும் 42,500 கிடைக்கப் போவதில்லை. யாரும் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் முடியாது. சொல்லின் கதை சூதாட்டத்தில் தொடங்குகிறது. 1657-இல் ஹைகன்ஸ் பகடை ஆட்டங்கள் பற்றி எழுதிய சிறு நூலின் லத்தீன் வடிவில் 'எக்ஸ்பெக்டாசியோ' என்ற சொல் வந்தது. ஆட்டத்தில் ஒருவருக்குள்ள வாய்ப்பின் மதிப்பு எவ்வளவு என்பதைக் குறித்தது அது. இன்று அதற்கு நிகழ்தகவால் எடையிட்ட சராசரி என்பதற்கு மேல் பொருளில்லை. இயல்புச் சூழ்நிலையின் 75,500-ஐயே எதிர்பார்ப்பு மதிப்பு என்று எழுதிவிடுவது இந்தச் சொல்லால் வரும் பிழைதான். பாருங்கள், மந்தத்துக்கும் இயல்புக்கும் சம வாய்ப்பு என்றதும் 33,000 குறைந்துவிட்டது.

கடைசியாக நியம விலகல். சூழ்நிலை மதிப்புகள் 42.5-இலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன? −116, 33, 166. இவற்றைக் கூட்டிப் பயனில்லை, எடையிட்டுக் கூட்டினால் நேர்மறையும் எதிர்மறையும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆகவே வர்க்கம்: 13,456, 1,089, 27,556. அவற்றை 0.4, 0.4, 0.2-ஆல் பெருக்கிக் கூட்டினால் ஏறத்தாழ 11,329. இது பரவற்படி. அலகு வர்க்கமாகிக் கிடப்பதால் நேரே பொருள் கொள்ள முடியாது. வர்க்கமூலம் எடுத்தால் 106.4, அதாவது சுமார் 1,06,000.

கணிப்பானில் மூன்று எண்களையும் போட்டுப் பொத்தானை அழுத்தியவருக்கு 115 அல்லது 141 வரும். மூன்று சூழ்நிலைகளுக்கும் சம எடை கொடுத்துவிட்டது என்று பொருள். சராசரியும் 70 என்று காட்டியிருக்கும், அதைப் பார்த்தே பிழையைப் பிடிக்கலாம்.

வினா சில சமயம் அடுத்தபடி போகும்: நிகர நிகழ்மதிப்பு சுழிக்குக் கீழே போக வாய்ப்பு எவ்வளவு? 42.5-ஐ 106.4-ஆல் வகுத்து 0.4 பெற்று, இயல்நிலைப் பரவல் அட்டவணையில் தேடினால் சுமார் 34.5% வரும். ஆனால் வினாவில் இருப்பது மூன்றே சூழ்நிலைகள். அவற்றில் எதிர்மறையானது ஒன்று, அதன் வாய்ப்பு 40% என்று வினாவே சொல்கிறது. இயல்நிலைப் பரவல் என்று வினா வெளிப்படையாகச் சொன்னால் மட்டுமே முதல் விடை. சொல்லாதபோது அட்டவணை எடுத்தால் இல்லாத வளைகோட்டை நாமே வரைகிறோம்.

நியம விலகலைத் தனியே வைத்து இரண்டு செயல்திட்டங்களை ஒப்பிடுவதும் சரிவராது, பெரிய முதலீட்டுக்கு இயல்பாகவே பெரிய விலகல் இருக்கும். அப்போது அதை எதிர்பார்ப்பு மதிப்பால் வகுத்துக் கிடைக்கும் மாறுபாட்டுக் கெழு உதவும். நம்முடையது 106.4-க்கு 42.5, அதாவது 2.5. எதிர்பார்ப்பு 30,000, நியம விலகல் 45,000 உடைய இன்னொன்றுக்கு 1.5. இதில் வரவும் குறைவு, ஒரு ரூபாய் வரவுக்கு ஏற்கும் இடரும் குறைவு. எதை எடுப்பது என்பதை எண் சொல்லாது. மந்தச் சூழ்நிலையின் 73,490 இழப்பைத் தாங்க முதலீட்டாளரிடம் பணம் இருக்கிறதா என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.