ஐந்து கிளை, ஐந்து மெரூன்: ஆடித் தள்ளுபடி போஸ்ட்டில் பிராண்ட் எங்கே கசிகிறது

ஐந்து கிளைகள் உள்ள ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். ஆடித் தள்ளுபடி தொடங்கும் நாளில் ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் கைப்பேசியிலேயே கேன்வாவில் படம் செய்து, சாட்ஜிபிடியிடம் இரண்டு வரி எழுதி வாங்கி, பத்து நிமிடத்தில் போஸ்ட்டைப் போட்டுவிடுகிறார். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் குறை தெரியாது. ஐந்தையும் ஒரே திரையில் அடுக்கிப் பார்த்தால்தான் விவரம் புரியும். மெரூன் ஐந்து விதமாக இருக்கும். ஒன்றில் லோகோ பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். ‘ஆடித் தள்ளுபடி’, ‘ஆடி தள்ளுபடி’, ‘ஆடி மெகா ஆஃபர்’ என்று பெயர் மூன்றாகியிருக்கும். நான்கில் ‘30% வரை’ என்றிருக்க, ஐந்தாவதில் ‘30% தள்ளுபடி’ என்று மட்டும் இருக்கும். அந்த ஐந்தாவது போஸ்ட்டைப் பார்த்து வந்தவர் பில் போடும் இடத்தில்தான் சண்டையைத் தொடங்குவார்.

இதற்கு ஊழியர்களின் ரசனையைக் குறை சொல்வது எளிது. ஆனால் காரணம் பெரும்பாலும் அதுவல்ல. மூலக் கோப்பு கையில் இல்லாததால் நகலிலிருந்து நகல் எடுக்கிறார்கள். சொல்லாமல் விட்ட இடங்களைக் கருவி தன் போக்கில் நிரப்பிவிடுகிறது.

முதலில் நிறம். கடையின் மெரூன் `#7B1E3A` என்று வைத்துக்கொள்வோம். கிளை ஊழியருக்கு அந்த எண் தெரியாது. வாட்ஸ்அப் குரூப்பில் வந்த பழைய போஸ்ட்டைத் திறந்து, ஐடிராப்பரால் அதன்மேல் தொட்டு நிறத்தை எடுக்கிறார். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது ஜேபெக் முறையில் வெளிச்சத்தைவிட நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தோடு சேமிக்கிறது. அதனால் மெரூனும் தங்க நிற எழுத்தும் சந்திக்கும் ஓரங்களில் இரண்டும் கலந்துபோகும். விரல் பட்டது அந்த ஓரத்தில் என்றால் சற்றுப் பழுப்பேறிய மெரூன் வரும். அடுத்த வாரம் இன்னொருவர் இந்தப் போஸ்ட்டிலிருந்து நிறத்தை எடுப்பார். ஆவணிக்குள் அது செங்கல் நிறமாகிவிடும். வேலை நடக்கும்போது யார் கண்ணுக்கும் படாது, ஒவ்வொருவரும் முந்தைய போஸ்ட்டோடு மட்டும் ஒப்பிடுவதால்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சரியான எண்ணில் ஒரு சிறு சதுரம் செய்து, சந்தேகப்படும் போஸ்ட்டின் பின்னணிமேல் வையுங்கள். சதுரத்தின் ஓரம் கண்ணுக்குத் தெரிந்தால் நிறம் நகர்ந்துவிட்டது. தடுக்க, கேன்வாவின் பிராண்ட் கிட்டில் மூன்றே நிறங்களை எண்ணாகவே பதிந்துவையுங்கள். ஐடிராப்பரைப் பொருளின் புகைப்படத்துக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். படம் வரைந்து தரும் செயலிகளிடம் `#7B1E3A` என்று எழுதிக் கொடுத்தாலும் அவை அதே எண்ணைத் தருவது நிச்சயமில்லை. கிட்டத்தட்ட ஒரு மெரூனைத் தரும். ஆகவே பின்னணிப் பட்டையும் எழுத்துப் பெட்டியும் வார்ப்புருவிலிருந்து வரட்டும்.

தங்க நிறத்துக்கு இன்னொரு விதி வேண்டும். `#D4AF37` தங்கத்தை வெள்ளைமேல் எழுதினால் வெளிச்ச வேறுபாடு சுமார் 2.1:1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் கணக்கு. அதே தங்கத்தை மேலே சொன்ன மெரூன்மேல் எழுதினால் சுமார் 4.8 வருகிறது. எனவே “தங்க எழுத்து மெரூன்மேல் மட்டும்” என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் கைப்பேசி பார்ப்பவருக்கு வெள்ளைமேல் தங்கம் தெரியவே தெரியாது.

அடுத்தது எழுத்துரு. தமிழ் போஸ்ட்களில் பாதிக் குழப்பம் இங்கேதான். ஆங்கிலப் பிராண்ட் கையேட்டில் `Montserrat` என்று எழுதியிருக்கும். அதில் தமிழ் எழுத்துகளே கிடையாது. ஊழியர் அதைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் தட்டினால் செயலி சத்தமில்லாமல் வேறு ஏதோ தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். கணினியிலும் கைப்பேசியிலும் அது வெவ்வேறாகவும் இருக்கலாம். “சொன்ன ஃபாண்ட்டைத்தான் போட்டேன்” என்று அவர் சொல்வதும் உண்மை, போஸ்ட் வேறாக இருப்பதும் உண்மை. தமிழும் ஆங்கிலமும் இரண்டும் உள்ள `Hind Madurai` அல்லது `Mukta Malar` போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தலைப்புக்கு ஒரு தடிமன், உள்ளே ஒரு தடிமன் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

வரி இடைவெளியை ஆங்கில வார்ப்புருவில் உள்ள 1.1-இலேயே விட்டால் மேல்வரியின் ‘பூ’ கீழே இறங்கி, கீழ்வரியின் ‘வீ’ மேலே எழும்பி இரண்டும் முட்டிக்கொள்ளும். 1.4 வைத்தால் மூச்சு விடும். எழுத்து இடைவெளி எப்போதும் பூஜ்யம். அதை இழுத்தால் ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி, ஒரு எழுத்து மூன்று துண்டாகத் தெரியும். படம் வரையும் செயலியிடமே தமிழ்த் தலைப்பையும் எழுதச் சொல்வது இன்னும் மோசம். புள்ளி விழுந்து ‘பட்டு’ ‘படடு’ ஆகும்; அவசரத்தில் பார்ப்பவர் கண் அதைச் சரியாகவே படித்துவிடும். எழுத்து எதுவானாலும் தட்டச்சுச் செய்ததாக இருக்கட்டும்.

லோகோவுக்கும் இதே நியாயம்தான். பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பு ஒன்றே ஒன்று, பிராண்ட் கிட்டிலிருந்து மட்டும். ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிப் பின்னணி நீக்கினால் மெல்லிய கோடுகளும் சேர்ந்து போய்விடும்.

புடவையின் படத்தில் நடக்கும் தவறு இவற்றைவிடப் பெரியது. பொம்மைக்குக் கட்டிய புடவையைக் கைப்பேசியில் எடுத்து, “கோயில் மண்டபப் பின்னணி, மாடல் கட்டியிருப்பது போல” என்று செயலியிடம் கேட்கிறார்கள். பின்னணி அழகாகத்தான் வருகிறது. கூடவே புடவையும் புதிதாக வரையப்படுகிறது. புட்டா இரண்டு வரிசை கூடும், கோயில் பார்டர் வேறு கோபுரமாகும், முந்தானைக் குஞ்சம் காணாமல்போகும், மாம்பழ நிறம் எலுமிச்சையாகும். “இதே புடவை வேணும்” என்று படத்தை நீட்டுபவரிடம் எடுத்துக்காட்ட கடையில் அப்படியொரு புடவையே இருக்காது. துணியின்மேல் கருவி கைவைக்கக் கூடாது என்பதே விதி. துணியை வெட்டியெடுத்துப் பின்னணியை மட்டும் மாற்றலாம். மாற்றியபின் அசல் படத்தை அடியிலிருப்பது தெரியும்படி பாதி மங்கலாக்கி மேலே வைத்துப் பார்டரைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் இரட்டையாகத் தெரிந்தால் அந்தப் படம் போகக் கூடாது.

இனி எழுத்து. தானாக எழுதும் கருவியிடம் “ஆடி ஆஃபருக்கு கேப்ஷன் எழுது” என்று மட்டும் சொன்னால், அதற்குத் தெரியாததை எல்லாம் அதுவே நிரப்பும். ‘சுத்தமான பட்டு’, ‘பாரம்பரிய காஞ்சிபுரம் நெசவு’, ‘இலவச டெலிவரி’ என்று வந்து நிற்கும். விற்பது 1,450 ரூபாய் ஆர்ட் சில்க், அதாவது செயற்கைப் பட்டு. காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பெயர். விசைத்தறிப் புடவைக்கு ஒட்டிக்கொள்ளும் அடைமொழி அல்ல. சில்க் மார்க் என்பதும் தூய பட்டுக்கான முத்திரை. பிராண்ட் ஒருமை என்ற பேச்சில் இந்தப் பொருட்பெயர்களைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் நிறத்துக்கு முன்னால் வரவேண்டியது இதுதான். ஒரு கிளை ‘செமி சில்க்’ என்பதை இன்னொரு கிளை ‘பட்டு’ என்று எழுதினால், கெட்டுப்போவது அழகு மட்டும் இல்லை.

‘வரை’ என்ற சொல்லும் அப்படித்தான். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டு நெறிகள், நிபந்தனைக் குறிப்பு விளம்பர வாசகத்தின் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன. மேலே தமிழில் 30% என்று பெரிதாகப் போட்டுவிட்டு, அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் நிபந்தனை போடுவது செல்லாது. ‘30% வரை’ என்பதை ஒரே பெட்டியில் வைத்துவிட்டால், எண்ணிலிருந்து ‘வரை’ பிரிந்துபோக வழியில்லை.

வேலையை இப்படிப் பிரிக்கலாம். தலைமைக் கடையில் ஒருவர் கூகுள் ஷீட்டில் ஒரு போஸ்ட்டுக்கு ஒரு வரி எழுதுகிறார். எண்களும் பொருட்பெயரும் அங்கிருந்துதான் படத்துக்குப் போகும், எழுதும் கருவியின் விடையிலிருந்து அல்ல. கருவிக்குக் கொடுப்பதும் அந்த வரியைத்தான்:

```
பொருள்: ஆர்ட் சில்க் சேலை
விலை: ரூ.1,450 முதல்
தள்ளுபடி: 30% வரை
நாள்: ஜூலை 18 – ஆகஸ்ட் 10
விழாப் பெயர்: ஆடித் தள்ளுபடி
விதி: இரண்டு வாக்கியம். மேலே இல்லாத
எதையும் சேர்க்க வேண்டாம். விலை, சதவீதம்,
நாள் எழுத வேண்டாம். “பட்டு” என்ற சொல்
வேண்டாம். “வாங்க”, “பாருங்க” நடையில்.
```

கடைசி வரியில் உள்ள நடைக் குறிப்பு முக்கியம். அது இல்லாவிட்டால் ஒரு கிளை ‘தங்களை அன்புடன் வரவேற்கிறோம்’ என்றும், இன்னொரு கிளை ‘உங்கள் ஸ்டைலை மேம்படுத்துங்கள்’ என்றும் பேசும். கடை ஏற்கெனவே போட்ட போஸ்ட்களில் நன்றாக அமைந்த மூன்றை மாதிரியாகக் கூடவே ஒட்டிக்கொடுத்தால் நடை இன்னும் நிலைக்கும். பத்து மாதிரி கொடுத்தால் அவற்றிலிருந்த பழைய விலையையும் பழைய தேதியையும் அது இழுத்துக்கொண்டு வரவும் கூடும்.

படத்துக்கு ஒரே வார்ப்புரு, இரண்டு அளவு: பதிவுக்கு 1080×1350, ஸ்டேட்டஸுக்கு 1080×1920. ஒன்றை இழுத்து மற்றொன்றாக்கக் கூடாது. லோகோ இழுபடுவது அங்கேதான். லோகோ, மெரூன் பட்டை, விழாப் பெயர், முகவரிப் பட்டை நான்கையும் பூட்டிவிட்டு, புடவைப் படம், பொருட்பெயர், விலை, கிளைப் பெயர் ஆகியவற்றை மட்டும் திறந்துவையுங்கள். கேன்வாவின் சாதாரணப் பூட்டை, திருத்தும் உரிமை உள்ள யாரும் ஒரு தட்டில் திறந்துவிடலாம். அதனால் மூலக் கோப்பைப் பகிராமல் வார்ப்புரு இணைப்பாக அனுப்புங்கள். ஒவ்வொருவருக்கும் தனி நகல் போகும், மூலம் கெடாது. நகலில் ஒருவர் பூட்டைத் திறப்பதை அது தடுக்காது. அதைப் பிடிக்க மனிதக் கண்தான் வேண்டும்.

அந்தக் கண் எல்லாவற்றையும் பார்த்தால் போஸ்ட் நாளை மறுநாள்தான் போகும். மூன்று கேள்வி போதும்: எண்களும் பொருட்பெயரும் ஷீட்டோடு ஒத்துப்போகிறதா, துணி அசலா, பூட்டிய நான்கும் இருந்த இடத்தில் இருக்கின்றனவா. பழகியவருக்கு இரண்டு நிமிட வேலை. செய்தவரே பார்க்கக் கூடாது, அடுத்த கிளைக்காரர் பார்க்கட்டும். எழுதியவர் கண்ணுக்கு விடுபட்ட ‘வரை’ இருப்பதுபோலவே தெரியும்.

கிளைகளிடம் எதை விட்டுவைப்பது என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்தப் புடவையைக் காட்டுவது, ஊர்த் திருவிழாவைச் சேர்ப்பதா, வட்டார வழக்கில் ஒரு வரி போடுவதா என்பது அவர்கள் விருப்பம். அதையும் பிடுங்கினால் வார்ப்புருவைவிட்டுத் தனியாகச் செய்யத் தொடங்குவார்கள்.

ஆடி முடிந்ததும் பழைய வடிவங்களைப் பொதுக் கோப்புறையிலிருந்து எடுத்துத் தனிக் கணக்கில் வைத்துவிடுங்கள். அங்கேயே கிடந்தால் அடுத்த வருடம் யாராவது நகல் எடுப்பார்கள், ‘ஆகஸ்ட் 10 வரை’ என்பது ஆகஸ்ட் 15-ஆம் தேதியும் ஓடிக்கொண்டிருக்கும்.