முதிர்ச்சியா, முதிர்வா, சீட்டு முடிவா?

நகைக்கடைச் சேமிப்புத் திட்டத்துக்கான விளம்பர உரை ஒன்றைத் திருத்தக் கொடுத்தார்கள். 'மாதம் ரூ.5,000, 11 மாத முதிர்ச்சிக்குப் பின் ரூ.55,000 உங்களுக்கே!' என்றிருந்தது. இந்த 'முதிர்ச்சி'யைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஆங்கிலத்து 'மெச்சூரிட்டி'க்கு லத்தீன் மூலம். பழுத்தது என்று பொருள். தமிழில் முது, முதிர், முதுமை எல்லாம் ஒரே குடும்பம். முதிர்ச்சி மனிதரின் பக்குவத்துக்கு ஆகும். வங்கி வைப்புக்கு 'முதிர்வு' சரி. வட்டி சேர்ந்து பணம் வளர்கிறது, உரிய நாளில் ரொக்கமாகக் கைக்கு வருகிறது.

நகைச்சீட்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை. 'முதிர்ச்சி'யைத் திருத்தி 'முதிர்வு' என்று போட்டுவிட்டால் போதும் என்பவர்களோடும் அதனால்தான் எனக்கு உடன்பாடில்லை. சட்டப்படியும் இது வைப்பு இல்லை, பொருளுக்குக் கட்டும் முன்பணம். 365 நாளுக்குள் அதைப் பொருளாகக் கொடுத்துக் கணக்குத் தீர்க்காவிட்டால் அது வைப்புத்தொகையாகிவிடும் என்கின்றன 2014-ஆம் ஆண்டின் கம்பெனி விதிகள். சீட்டுகள் பெரும்பாலும் 11 மாதத்தோடு நிற்பதற்குக் காரணம் இதுதான். அந்த முன்பணத்தின்மேல் வங்கிச் சொல்லை ஒட்டினால் குடும்பங்கள் வங்கி போலத்தான் நினைக்கும். என் சித்தி அந்த உரையைப் படித்துவிட்டு, "அப்போ முதிர்ந்ததும் 55,000-ஐக் கையில கொடுத்துடுவாங்கல்ல?" என்றார். கொடுக்க மாட்டார்கள், நகையாகத்தான் எடுக்க வேண்டும்.

அப்படியானால் லாபம் எங்கே? சேதாரத்தில். கணக்குக்குக் கிராம் ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம். 5 கிராம் சங்கிலி ரூ.50,000. 12 சதவீதச் சேதாரம் ரூ.6,000. 3 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் ரூ.57,680. சேதாரம் தள்ளுபடியானால் ரூ.51,500-தான். மிச்சம் ரூ.6,180. ஆனால் தள்ளுபடிக்கு உச்சவரம்பு இருக்கும். வேலைப்பாடு மிகுந்த நகையின் சேதாரம் அதைத் தாண்டினால் தாண்டியதைக் கையிலிருந்து கட்ட வேண்டும். பணக்கணக்குச் சீட்டு என்றால், நகை எடுக்கும் நாளின் விலைதான் செல்லும். இடையில் தங்கம் ஏறினால் கிராம் குறையும். கட்டும் மாதத்து விலைக்கே கிராமாக வரவு வைப்பது எடைக்கணக்குச் சீட்டு. எந்தக் கணக்கு என்பதை விளம்பரம் சொல்லியே ஆக வேண்டும்.

'திட்ட நிறைவு' என்றால் குற்றமில்லை. என் தேர்வு 'சீட்டு முடிவு'. "சீட்டு எப்போ முடியுது?" என்றுதான் வீட்டில் கேட்கிறார்கள். பேச்சில் இருக்கும் சொல்லை விட்டு அகராதியில் வந்த முதல் சொல்லைப் போடுவதுதான் இப்போதைய மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள பெரிய குறை.

நான் எழுதிக் கொடுத்தது: 'மாதம் ரூ.5,000 வீதம் 11 தவணை. சீட்டு முடிந்ததும் ரூ.55,000-க்கு நகை எடுக்கலாம், ரொக்கம் கிடையாது. நகை எடுக்கும் நாளின் விலை பொருந்தும். சேதாரத் தள்ளுபடி 12 சதவீதம் வரை. அதற்கு மேற்பட்ட சேதாரம், கல் விலை, ஜிஎஸ்டி தனி.'